மலைப்பாதையும் மோட்டார் இன்ஷூரன்ஸும்: ஓட்டத்தை அளந்து கட்டணம் விதிக்கும் முறை

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் செல்லும் சாலைகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்லும் தேசீய நெடுஞ்சாலை. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் இது அகன்றும் பெரும்பாலும் நேராகவும் செல்கிறது. மற்றொன்று, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குள் நுழையும் மலைப்பாதை. இதில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வாளையாற்றிலிருந்து பாலக்காடு சுமார் 25 கிலோமீட்டர்; போடியிலிருந்து போடிமெட்டும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆயினும் இவ்விரு சாலைகளிலும் ஒரே மனிதர், ஒரே காரை, ஒரே நிதானத்துடன் ஓட்டினாலும், அவருடைய சட்டைப்பையிலோ காரின் முன்பலகையிலோ இருக்கும் கைப்பேசி அவரை இரு வேறு மனிதர்களாகக் கணக்கிட்டுவிடக்கூடும். அந்தக் கணக்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்தைத் தொடும் காலம் வந்துவிட்டபடியால், அது எவ்வாறு போடப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

நெடுங்காலமாக மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டணம் வண்டியைப் பார்த்து விதிக்கப்பட்டதேயன்றி, ஓட்டத்தைப் பார்த்து விதிக்கப்பட்டதன்று. வண்டியின் தற்கால மதிப்பு, எஞ்சினின் கன அளவு, வண்டியின் வயது, அது பதிவான இடம் ஆகியவையே கணக்கில் வந்தன. சென்னை, பெங்களூர் முதலிய எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம். நாட்டின் ஏனைய பகுதிகள் அனைத்தும் மற்றொரு மண்டலம். ஆகவே சென்னையில் பதிவான கார் வருஷம் முழுவதும் மூணாற்றிலேயே ஓடினாலும் பெருநகர விகிதத்துக்கே உட்பட்டது. வருஷத்தில் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவரும் 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவரும் ஒரே தொகையைச் செலுத்தினர். இதிலுள்ள பொருத்தமின்மையைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1968-லேயே எடுத்துக்காட்டினார். ஆனால் அக்காலத்தில் ஓட்டத்தை அளக்க எளிய கருவி ஏதும் இல்லை. 1998-ல் அமெரிக்காவின் டெக்ஸஸ் ராஜ்யத்தில் ப்ரோக்ரெஸிவ் என்னும் கம்பெனி, செயற்கைக்கோள் உதவியால் ஓட்டத்தை அளக்கும் கருவியைக் கார்களில் பொருத்திச் சோதனை நடத்தியது. அக்கருவி செய்த வேலையை இன்று சாதாரணக் கைப்பேசியே செய்துவிடுகிறது.

இந்தியாவில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2022 ஜூலை 6-ஆம் தேதி இதற்கு வழி திறந்தது. சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும், எவ்வளவு தூரம் ஓட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தும், எவ்விதம் ஓட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தும் கட்டணம் விதிக்கும் கூடுதல் ஷரத்துகளைக் கம்பெனிகள் அளிக்கலாம் என்று அது அனுமதித்தது. ‘கூடுதல் ஷரத்து’ என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். அடிப்படைப் பாலிஸி பழையபடியே இருக்கிறது. விரும்புகிறவர் இதனை அதனுடன் சேர்த்துக்கொள்கிறார். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. சொந்த உபயோகம் என்று பாலிஸி எடுத்த ஜீப்பில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், அளவுக் கருவி எவ்வளவு நல்ல மதிப்பெண் அளித்திருந்தாலும் நஷ்ட ஈடு மறுக்கப்பட இடமுண்டு.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக, அண்ணன் தம்பியான இரு ஆசிரியர்களைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் வாளையாற்றில் குடியிருந்து பாலக்காட்டில் பணிபுரிகிறார். தம்பி போடியில் குடியிருந்து போடிமெட்டை ஒட்டிய பள்ளியில் பணிபுரிகிறார். இருவரும் தினம் 50 கிலோமீட்டர் வீதம், வருஷத்தில் 220 நாள், ஆக 11,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். இருவரிடமும் ஒரே ரகக் கார்; எஞ்சினின் அளவு 1,000-க்கும் 1,500 கன சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டது.

பாலிஸியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, பிறருக்கு நேரும் சேதத்துக்கான பகுதி. இது சட்டப்படி கட்டாயமானது. இதன் கட்டணத்தை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த அறிவிப்பின்படி இத்தகைய காருக்கு அது ரூ.3,416. இரண்டாவது, சொந்தக் காருக்கு நேரும் சேதத்துக்கான பகுதி. இதனைக் கம்பெனியே நிர்ணயிக்கிறது. இருவருக்கும் இது ரூ.10,000 என்றும், முந்திய வருஷத்தில் இருவருமே நஷ்ட ஈடு கோராததால் 20 சதவிகிதம் தள்ளி ரூ.8,000 என்றும் வைத்துக்கொள்வோம். இரு பகுதிகளும் சேர்ந்து ரூ.11,416, 18 சதவிகிதச் சரக்கு மற்றும் சேவை வரியும் சேர ரூ.13,471 ஆகிறது.

கைப்பேசியின் கணக்கு தொடக்கூடியது இரண்டாவது பகுதியை மட்டுமே. அண்ணன் நன்கு ஓட்டுவதாக மதிப்பெண் பெற்று 15 சதவிகிதத் தள்ளுபடிக்கு உரியவரானால், ரூ.8,000 என்பது ரூ.6,800 ஆகும். சர்க்கார் நிர்ணயித்த ரூ.3,416 அப்படியே நிற்கும். வரியும் சேர்த்து அவர் செலுத்தவேண்டியது ரூ.12,055. மிச்சம் ரூ.1,416, அதாவது மொத்தத்தில் பத்தரை சதவிகிதம். விளம்பரத்தில் காணும் விகிதத்துக்கும் கையில் நிற்கும் தொகைக்கும் உள்ள இந்த வேறுபாடு கம்பெனியின் சூழ்ச்சியன்று. பாலிஸியின் அமைப்பினாலேயே விளைவது. ஆயினும் விளம்பரங்களில் அது விளக்கப்படக் காண்பது அரிது.

தூரத்தை மட்டும் பார்க்கும் ஷரத்து இச்சகோதரர்களுக்கு அதிகம் பயன்படாது. 2,500, 5,000, 7,500 கிலோமீட்டர் போன்ற அளவுகளில் ஒன்றை முன்கூட்டியே தெரிந்தெடுக்கும் முறை அது. ஓய்வு பெற்று, சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டும் காரை எடுப்பவருக்கே அது ஏற்றது. குறித்த அளவைத் தாண்டினால் மேலும் கிலோமீட்டர்களை விலைக்கு வாங்கிக்கொள்ளவேண்டும். வாங்காத நிலையில் விபத்து நேர்ந்தால் சொந்தச் சேதத்துக்கான தொகை குறைக்கப்படுமா, அடியோடு மறுக்கப்படுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. பாலிஸியின் வாசகத்தைப் படித்தே தெரிந்துகொள்ளவேண்டும். பிறருக்கு நேரும் சேதத்துக்கான கட்டாயப் பாதுகாப்பு மட்டும் கிலோமீட்டர் தீர்ந்துவிட்டது என்பதற்காக நீங்குவதில்லை.

ஆகவே சகோதரர்கள் இருவரும் ஓட்டும் விதத்தை அளக்கும் ஷரத்தையே நாடுகிறார்கள். இங்கேதான் பௌதிக சாஸ்திரம் புகுகிறது.

கைப்பேசிக்குள் வேக மாற்றத்தை உணரும் மிக நுண்ணிய அமைப்பு ஒன்று உண்டு. சிலிக்கானால் செதுக்கிய சிறு பாரம் ஒன்று, சிலிக்கான் வில்களிலேயே தொங்குகிறது. வண்டி திடீரென நின்றால் பஸ்ஸில் நிற்பவர் முன்னே சாய்வதுபோல அந்தப் பாரமும் சற்றே நகர்கிறது. நகர்ச்சியின் அளவு மின்சார முறையில் கண்டறியப்படுகிறது. முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் என மூன்று திசைகளில் இது நடைபெறுகிறது. இதனுடன், செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு கைப்பேசி தன் இருப்பிடத்தையும் வேகத்தையும் கணிக்கிறது. இவ்விரண்டையும் கொண்டு பலமான பிரேக், திடீர் வேகமெடுப்பு, வளைவில் வேகம், வேக வரம்பை மீறுதல், நள்ளிரவு ஓட்டம், ஓட்டும்போது கைப்பேசியைக் கையாளுதல் ஆகியவை குறிக்கப்படுகின்றன. இக்குறிகளுக்கேற்ப நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வருகிறது. எந்தக் குறிக்கு எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதைக் கம்பெனிகள் பொதுவாக வெளியிடுவதில்லை.

பலமான பிரேக் என்பது எது? மேலே சொன்ன ப்ரோக்ரெஸிவ் கம்பெனி தன் வரையறையை வெளிப்படையாகக் கூறியுள்ளது: ஒரே விநாடியில் வேகம் மணிக்கு 7 மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் குறைந்தால் அது பலமான பிரேக். புவி ஈர்ப்பின் முடுக்கத்தை ஒன்று என்று கொண்டால் இது ஏறக்குறைய 0.32 பங்கு. நகரத்து நெரிசலில் முன் வண்டியை ஒட்டிச் செல்பவர் அடிக்கடி இவ்வாறு பிரேக் போட நேரிடும். அத்தகையோர் விபத்துக்குள்ளாவதும் அதிகம். எனவே சமவெளியில் இந்தக் குறி பொருளுள்ளதே.

மலைப்பாதையில் வைத்துப் பார்ப்போம். வளைவில் செல்லும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை விதிகளின்படி கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு ஆரம் குறைந்தது 14 மீட்டர்; வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தே அது வகுக்கப்படுகிறது. கார் செல்லும் தடத்தின் ஆரம் 17 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் பக்கவாட்டு முடுக்கம் 0.19 பங்கு, 25-ல் 0.29 பங்கு, 30-ல் 0.42 பங்கு. வர்க்கம் என்பதன் விளைவு இது: வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளுவிசை இரண்டேகால் மடங்காகிறது. நெடுஞ்சாலையில் அண்ணன் மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்கையிலும், அங்குள்ள வளைவுகள் விசாலமானவையாதலால், கைப்பேசிக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. மணிக்கு 25 கிலோமீட்டரில் ஊர்ந்து திரும்பும் தம்பியோ எல்லைக் கோட்டின் விளிம்பில் நிற்கிறார்.

இதற்கு மேல் சரிவின் விளைவும் உண்டு; பலர் கவனியாதது இது. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சாலையில் கார் முன்புறம் தாழ்ந்து செல்கிறது. அப்போது சீரான வேகத்தில் சென்றாலும், புவி ஈர்ப்பின் ஒரு கூறு பாரத்தை முன்நோக்கி இழுக்கிறது. கைப்பேசி அதனை 0.06 பங்கு பிரேக் என்று உணர்கிறது. தம்பி 0.27 பங்கு அளவுக்கு மிதமாகப் பிரேக் போட்டால், கருவியில் பதிவது 0.33. சமவெளியில் குறியாகாத அதே பிரேக் இறக்கத்தில் குறியாகிவிடுகிறது. செயற்கைக்கோள் வழி கிடைக்கும் வேகத்துடன் ஒப்பிட்டு இப்பிழையைத் திருத்தும் முறை உண்டு. எனினும் அந்த முறையும் மலையில் இடறுகிறது. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை சற்றுத் தாமதித்து வருவதால், கணிக்கப்பட்ட இருப்பிடம் திடீரென 20 மீட்டர் தள்ளிப் போகலாம். ஒரு விநாடியில் 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம். கொண்டை ஊசி வளைவில் எந்தக் காரும் 72 கிலோமீட்டரில் திரும்ப இயலாது என்பது ஓட்டுநர் எவருக்கும் தெரியும். நல்ல மென்பொருளும் இதனை உணர்ந்து தள்ளிவிடும். ஆனால் எல்லா மென்பொருளும் நல்லதன்று.

தினமும் ஏறி இறங்குவதில் தம்பி 34 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறார், வருஷத்தில் 7,480. இவற்றில் பத்துக்கு ஒன்று குறியானாலும் 748 குறிகள். அதாவது நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஏழு. அண்ணனுக்கு இந்த வகையில் ஒன்றும் இல்லை. ஆகவே அண்ணனுக்கு ரூ.1,416 மிச்சமாகிறது, தம்பிக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இது அநியாயம்தானா என்பதைச் சற்று நிதானித்தே சொல்லவேண்டும். கம்பெனி ஓட்டுநரின் ஒழுக்கத்துக்குப் பரிசளிக்கவில்லை. தான் கொடுக்க நேரும் நஷ்ட ஈட்டை முன்கூட்டி மதிப்பிடுகிறது. மலைப்பாதையில் பாறை சரிவதும், மழைக்காலத்தில் மேகம் இறங்கிப் பாதை மறைவதும் காருக்குச் சேதம் விளைவிப்பவையே. அந்தப் பாதைக்கு அதிகக் கட்டணம் என்றால் அதை ஒரு வாதமாக ஏற்கலாம். ஆனால் அது பாதைக்குரிய கட்டணம் என்று சொல்லப்படவேண்டும். ஓட்டுநர் கெட்டவர் என்ற மதிப்பெண்ணாக அது வரக்கூடாது. சமவெளியின் நெரிசலில் கண்ட தொடர்பை மலையில் அப்படியே பொருத்துவதுதான் பிழை. அங்கே வளைவின் தள்ளுவிசை ஓட்டுநரின் அவசரத்தைக் காட்டிலும் சாலையின் வடிவத்தையே அதிகம் தெரிவிக்கிறது. ஒரே பாதையில் செல்லும் பல ஓட்டுநர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பெண் இடுவதே இதற்குத் தக்க திருத்தம். தாம் நாடும் கம்பெனி அவ்வாறு செய்கிறதா என்று எழுத்து மூலம் கேட்டறிய எவருக்கும் உரிமை உண்டு.

தம்பி தம் பங்குக்குச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஏறிய கியரிலேயே இறங்குவது என்பது மலை ஓட்டுநர்களின் பழைய வழக்கம். வளைவுக்கு 40, 50 மீட்டர் முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றி, எஞ்சினின் தடையாலேயே வேகத்தைக் குறைத்து, 20 கிலோமீட்டரில் திரும்பினால், பிரேக் சூடேறுவதும் இல்லை; கைப்பேசியில் குறி விழுவதும் அரிதாகிறது. கைப்பேசியை உறுதியான பிடியில் பொருத்துவதும் அவசியம். முன்பலகையில் நழுவி ஓடும் கைப்பேசி தன் ஓட்டத்தையே காரின் ஓட்டமாகப் பதிவு செய்யும். ஆனால் மதிப்பெண்ணைக் கருதிப் பிரேக்கைத் தவிர்ப்பது கூடவே கூடாது. தோட்டக் குழந்தைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வளைவுக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பது தெரியாது. அங்கே முழு பலத்துடன் போட்ட ஒரு பிரேக் வருஷத்தின் 748 குறிகளோடு ஒன்றாகச் சேரும், அவ்வளவே.

கைப்பேசிக்குப் பதிலாகக் காரிலேயே பொருத்தும் சிறு கருவியும் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் தம் சோதனைக் கருவியை இணைக்கும் துளையில் அது செருகப்படுகிறது. அது வண்டியிலிருந்தே வேகத்தைப் பெறுவதால் பாறைச் சுவரின் எதிரொலியால் ஏமாறுவதில்லை. பஸ்ஸில் செல்லும் கைப்பேசியைக் கார் என்று மயங்குவதும் இல்லை. மிகப் பழைய கார்களிலும் ஜீப்புகளிலும் அந்தத் துளை இராது.

சேரும் விவரங்கள் யாரிடம் போகின்றன என்பது தனிக் கேள்வி. தினம் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதெல்லாம் பதிவாகின்றன. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, கார்கள் சேகரித்த ஓட்ட விவரங்களை உரிமையாளர்களின் தெளிவான சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுத்தது என்று 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி நடவடிக்கை எடுத்தது. அவ்விவரங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை எட்டி, சிலருடைய கட்டணம் உயர்ந்தது. இந்தியாவில் 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தை எந்தக் காரியத்துக்காகப் பெறுகிறார்கள் என்று சொல்லிப் பெறவேண்டும் என்கிறது. ஆகவே கைப்பேசி கேட்கும் ஒவ்வொரு அனுமதியையும் படிக்காமல் ஒப்புக்கொள்வது நன்றன்று.

கருவி சரியாக அளக்கிறதா என்பதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காரின் கிலோமீட்டர் மீட்டரே போதும். திங்கட்கிழமை காலையில் மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை காலையில் கைப்பேசியின் பதிவுடன் ஒப்பிடவேண்டும். தம்பியின் கார் அந்த வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கு மட்டும் ஓடியிருந்தால் மீட்டர் 250 கிலோமீட்டர் கூடியிருக்கும். கைப்பேசி 200 காட்டினால் ஒரு நாள் பயணம் தவறிப்போயிற்று என்று பொருள். பாட்டரியைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு அளக்கும் மென்பொருளை உறங்க வைத்திருக்கக்கூடும். மலையில் கைப்பேசிக்குத் தொடர்பு கிட்டாமை மட்டும் இதற்குக் காரணமாகாது. தொடர்பில்லாத இடத்து விவரங்களைக் கைப்பேசி தன்னுள் சேமித்து, பின்னர் அனுப்பவேண்டும். மாறாக 310 காட்டினால், மிகுந்த 60 கிலோமீட்டர் அவர் இரண்டு முறை போடியிலிருந்து தேனிக்கு பஸ்ஸில் போய்வந்த தூரமாக இருக்கலாம். பஸ் டிரைவர் போட்ட பிரேக்குகளும் அப்போது தம்பியின் கணக்கில் ஏறியிருக்கும். பயணப் பட்டியலைத் திறந்து அந்தப் பயணங்களில் தாம் பயணி என்று குறிக்க அநேகமான மென்பொருள்களில் இடமுண்டு. பாலிஸியைப் புதுப்பிக்கும் தேதிக்கு முன் அதைச் செய்துவிடவேண்டும்.